காலியாக இருக்கும் சேருக்கு யார் வாடகை கொடுப்பது?

இன்று பி.டி.எஸ். பட்டம் பெறும் இளம் மருத்துவர்களே, பெற்றோர்களே,

நான் பேராசிரியன் அல்லன். ஒரு மாவட்டத் தலைநகரில் கிளினிக் நடத்துபவன். உங்கள் கல்லூரி முதல்வர் என்னை அழைத்தபோது, "சொந்தமா கிளினிக் போடுறதா, ஆஸ்பத்திரியில சேர்றதான்னு பசங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க சார், அதைப் பத்தியே பேசிடுங்க" என்றார். அதை மட்டுமே பேசப்போகிறேன். ரூபாய்க் கணக்கு கொஞ்சம் வரும். அங்கி போட்டுக்கொண்டு வியர்வையோடு உட்கார்ந்திருப்பவர்களிடம் கணக்குச் சொல்வது கொடுமைதான். ஆனால் ஐந்து வருடப் படிப்பில் யாரும் உங்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லித் தரவில்லை என்பதால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சம்பளம். புதிதாக பி.டி.எஸ். முடித்து ஒரு தனியார் கிளினிக்கிலோ சங்கிலிக் கிளினிக்கிலோ சேருகிறவருக்குத் தமிழ்நாட்டில் கிடைப்பது, நான் பார்த்த அளவில், பெரும்பாலும் மாதம் 12,000 முதல் 20,000 ரூபாய்க்குள். உங்களோடு பன்னிரண்டாம் வகுப்பு படித்துவிட்டு இன்ஜினியரிங் போனவன் இதைக் கேட்டால் சிரிப்பான். உங்கள் அப்பா சிரிக்கமாட்டார், ஏனென்றால் கட்டிய கட்டணம் அவருக்கு நினைவிருக்கிறது.

கல்லூரிகள் பெருகிவிட்டன, அரசு வேலைகள் குறைவு என்று இதற்குக் காரணம் சொல்வார்கள். அது உண்மைதான். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் பல் மருத்துவர் பணியிடங்களுக்கு அறிவிப்பு வெளியிடுவது அபூர்வம், வந்தாலும் இடங்கள் சொற்பம். ஆனால் இன்னொரு காரணம் இருக்கிறது. கிளினிக் நடத்துபவர் உங்களுக்குச் சம்பளம் தரும்போது, நோயாளி வராத நேரத்துக்கும் சேர்த்துத்தான் தருகிறார். சேர் காலியாகக் கிடந்தால் நஷ்டம் அவருக்கு. அந்த நஷ்டத்தை அவர் தாங்கிக்கொள்வதற்கான விலையை உங்கள் சம்பளத்தில் முன்கூட்டியே பிடித்துக்கொள்கிறார். சொந்தமாகப் போட்டால் அந்த விலையை யாரும் பிடிக்கமாட்டார்கள், ஆனால் காலிச் சேர் உங்களுடையது. சம்பளத்துக்கு ஆட்டோ ஓட்டுவதற்கும் சொந்த ஆட்டோ ஓட்டுவதற்கும் உள்ள வித்தியாசம்தான். கிளினிக்கா ஆஸ்பத்திரியா என்ற கேள்வியை இப்படித்தான் பார்க்க வேண்டும்: காலியாக இருக்கும் சேரின் செலவை யார் ஏற்பது, எத்தனை நாளைக்கு ஏற்க முடியும்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நடுத்தர ஊர் ஒன்றில், பஸ் போகும் சாலையில், தரைத்தளத்தில் ஒரே ஒரு சேர் கொண்ட கிளினிக் என்று வைத்துக்கொள்வோம். சேர், கம்ப்ரசர், ஆட்டோகிளேவ், எக்ஸ்ரே கருவியும் சென்சாரும், ஸ்கேலர், லைட் க்யூர், எண்டோ மோட்டார், கைக்கருவிகள், உள் அலங்காரம், கட்டட அட்வான்ஸ் எல்லாம் சேர்த்து சுமார் 10 லட்சம் ஆகும். பிராண்டைப் பொறுத்து ஏறும், இறங்கும். இதில் 2 லட்சம் வீட்டிலிருந்து, 8 லட்சம் வங்கிக் கடன். 11 சதவீத வட்டியில் ஐந்து வருடத் தவணை என்றால் மாதம் ஏறக்குறைய 17,400 ரூபாய் கட்ட வேண்டும். வாடகை 15,000, உதவியாளருக்கு 10,000, மின்சாரமும் தண்ணீரும் 4,000, மருத்துவக் கழிவு எடுப்பவர்களுக்கும் போனுக்கும் சில்லறை ரிப்பேருக்கும் 3,000 என்று வைத்தால், ஒரு நோயாளிகூட வராவிட்டாலும் மாதம் சுமார் 50,000 ரூபாய் வெளியே போகும்.

அந்த ஐம்பதாயிரத்தை மணிக்கணக்கில் பிரித்துப் பாருங்கள். நாளொன்றுக்கு எட்டு மணி நேரம், மாதம் 25 நாள் திறந்திருந்தால் 200 மணி நேரம். மணிக்கு 250 ரூபாய். யாராவது அந்தச் சேரில் உட்கார்ந்தாலும் உட்காராவிட்டாலும் மணிக்கு 250 ரூபாய். மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை நீங்கள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் 500 ரூபாய் போயிற்று.

இனி வருமானம். கையில் வாங்கும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் மருந்து, பொருட்கள், லேப் பில், வெளியிலிருந்து வரும் சிறப்பு மருத்துவர் பங்கு என்று 30 ரூபாய் போய்விடும். மீதி 70. அந்த எழுபதுகளைச் சேர்த்து ஐம்பதாயிரத்தை எட்ட, மாதம் சுமார் 71,500 ரூபாய் கலெக்‌ஷன் வேண்டும். ஒருமுறை வருபவரிடம் சராசரியாக 600 ரூபாய் வாங்குகிறோம் என்று வைத்துக்கொண்டால், நாளொன்றுக்கு ஐந்து பேர் வர வேண்டும். சராசரி ஏன் இவ்வளவு குறைவு என்றால், ரூட் கெனால் பணம் மூன்று நான்கு வருகைகளில் பிரிந்து வரும், தையல் பிரிக்க வருபவரிடம் எதுவும் வாங்கமாட்டோம், எதிர் கடைக்காரர் 'சும்மா ஒரு பார்வை' என்று வாயைத் திறப்பார். ஆக ஐந்து பேர் வந்தால்தான் நஷ்டமில்லை. அப்போதும் உங்களுக்கென்று ஒன்றும் இல்லை.

புதுக் கிளினிக்குக்கு முதல் நாளே ஐந்து பேர் வரமாட்டார்கள். முதல் நான்கு மாதம் நாளுக்கு இரண்டு பேர், அடுத்த நான்கு மாதம் மூன்று பேர், அதற்கடுத்த நான்கு மாதம் நான்கு பேர் என்று கொள்வோம். இது மோசமான கணக்கல்ல, நல்ல வளர்ச்சிதான். முதல் கட்டத்தில் மாதம் 29,000 ரூபாய் துண்டு விழும். இரண்டாவதில் 18,500. மூன்றாவதில் 8,000. மொத்தம் கூட்டினால் முதல் வருடத்தில் 2,22,000 ரூபாய் பள்ளம். இதில் உங்கள் சாப்பாடு, பெட்ரோல் எதுவும் சேரவில்லை.

நான் உங்களுக்குச் சொல்ல வந்ததே இந்த இரண்டே கால் லட்சத்தைப் பற்றித்தான். மூடப்படும் கிளினிக்குகளில் பல, டாக்டருக்கு வேலை தெரியாததால் மூடப்படுவதில்லை. கையிலிருந்த பணம் முழுவதையும் சேரிலும் சுவர் அலங்காரத்திலும் ஃபால்ஸ் சீலிங்கிலும் போட்டுவிட்டு, இந்தப் பள்ளத்துக்கென்று ஒரு ரூபாய்கூட வைக்காததால் ஏழாவது எட்டாவது மாதத்தில் மூச்சு முட்டுகிறது. அந்த நேரத்தில் இன்னொரு கேடும் நடக்கிறது. தவணைத் தேதி நெருங்கும்போது, சாதாரணமாக அடைத்தாலே போதும் என்ற பல்லுக்கு ரூட் கெனால் சொல்லத் தோன்றும். எக்ஸ்ரேயில் சொத்தை எவ்வளவு ஆழம் என்பதை நீங்கள் படிக்க வேண்டிய இடத்தில் வங்கித் தவணை படிக்க ஆரம்பித்துவிடும். கையிருப்பு இருப்பவனுக்கு 'இந்தப் பல்லை ஆறு மாதம் விட்டுப் பார்ப்போம்' என்று சொல்லும் தைரியம் இருக்கும்.

சரி, பெரிய வருமானம் என்று எல்லோரும் நினைக்கும் ரூட் கெனாலையே எடுத்துக்கொள்வோம். மேல்தாடை முதல் கடைவாய்ப்பல். ரூட் கெனாலுக்கு 3,500, அதன்மேல் கேப்புக்கு 4,000, ஆக 7,500 ரூபாய். நோயாளிக்கு அது பெரிய தொகை. உங்களுக்கு ஃபைல், மரத்துப்போகும் ஊசி, கட்டா பெர்ச்சா, அடைப்புப் பொருள் எல்லாம் சேர்த்து 800 ரூபாய், லேப்புக்கு 1,200. மீதி 5,500. புதியவர் கையில் இது அளவெடுப்பது, மாட்டுவது உட்பட ஐந்து வருகை, கிட்டத்தட்ட நான்கு மணி நேரம். சேரின் செலவு 1,000 ரூபாய். ஆக 4,500 நிற்கிறது. நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் அந்தப் பல்லின் முன் வேரில் பெரும்பாலும் இன்னொரு கால்வாய் இருக்கும், எம்.பி.2 என்று பரீட்சைக்குப் படித்தீர்களே, அதைத் தவறவிட்டால்? ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து, கேப் போட்ட பல்லில் கடித்தால் வலி என்று அவர் திரும்பி வருவார். அடைத்து முடித்த பிறகு கோணம் மாற்றி ஒரு எக்ஸ்ரே எடுத்திருந்தால் அன்றைக்கே சந்தேகம் வந்திருக்கும்: அடைத்த வெள்ளைக் கோடு வேரின் நடுவில் ஓடாமல் ஒரு பக்கமாக ஒதுங்கி ஓடும். ஒதுங்கி ஓடினால், எதிர்ப்பக்கம் இன்னொருவர் இருக்கிறார் என்று பொருள். அதைப் பார்க்காமல் கேப் போட்டால், பின்னால் கேப்பை உடைத்து, மறுபடி திறந்து, எண்டோடான்டிஸ்டை வரவழைத்து, புதுக் கேப் செய்து கொடுக்க வேண்டும். பணம் கேட்க முடியாது, கேட்கவும் கூடாது. அந்த 4,500 போய், கைக்காசும் போகும். அவர் தெருவில் சொல்வது தனி.

இதனால்தான் முதல் வருடம் கடினமான கடைவாய்ப்பல்லுக்கு எண்டோடான்டிஸ்டைக் கூப்பிடுங்கள் என்கிறேன். அவர் ரூட் கெனால் தொகையில் பாதி எடுத்துக்கொள்வார், 1,750 ரூபாய். அதையும் கழித்தால் உங்களுக்கு 2,750. குறைவாகத் தெரியலாம். ஆனால் திரும்பி வராத பல் அது. பக்கத்தில் நின்று பார்க்கும் பாடம் அதற்கு மேல்.

இனி ஆஸ்பத்திரி. பெரிய மருத்துவமனையின் பல் பிரிவில் சேர்ந்தால் பணம் அதிகம் வராது. ஆனால் தனிக் கிளினிக்கில் பத்து வருடம் இருந்தாலும் பார்க்க முடியாத நோயாளிகள் அங்கே வாரம் தவறாமல் வருவார்கள். இதய வால்வு மாற்றும் முன் வாயில் எங்கும் சீழ் இல்லை என்று சான்று கேட்டு அனுப்புவார்கள். தொண்டைப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கும் முன், சந்தேகமான பற்களை எடுத்துவிடச் சொல்வார்கள். கதிர்வீச்சுக்குப் பின் எடுத்தால் தாடை எலும்பு ஆறாமல் அழுகிப்போகும் அபாயம் என்று புத்தகத்தில் படித்தது அங்கே முகமாக வந்து உட்காரும். வார்ஃபரின் சாப்பிடுபவருக்கு ஐ.என்.ஆர். பார்த்துவிட்டுப் பல் எடுப்பது, எலும்புத் தேய்மானத்துக்கு வருடக்கணக்கில் ஊசி போட்டவரிடம் கேள்வி கேட்பது, இதெல்லாம் அங்கே பழகும். பின்னால் சொந்தக் கிளினிக்கில் அறுபது வயதுப் பெரியவர் பல் எடுக்க வந்து, "மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா ஐயா?" என்று நீங்கள் கேட்க, "ஒண்ணும் இல்லீங்க" என்று அவர் சொல்லும்போது, சட்டைப்பையில் துருத்திக்கொண்டிருக்கும் மாத்திரை அட்டையை வாங்கிப் பார்க்கும் பழக்கம் ஆஸ்பத்திரியில் இருந்தவருக்கு வரும். உங்களில் யாருக்கு அந்த இடம் கிடைத்தாலும், சம்பளம் இரண்டாயிரம் குறைவு என்பதற்காக விடாதீர்கள்.

சங்கிலிக் கிளினிக் வேறு. அங்கே கருவி நன்றாக இருக்கும், நோயாளி வருவார், கணக்கு ஒழுங்காக இருக்கும். கூடவே டார்கெட்டும் இருக்கும். சேரும் முன் ஒப்பந்தத்தை முழுதாகப் படியுங்கள். 'கலெக்‌ஷனில் இத்தனை சதவீதம்' என்றால், எந்தக் கலெக்‌ஷனில் என்று கேளுங்கள். லேப் பில் கழிக்கும் முன்பா, பின்பா? நோயாளி தவணையில் கட்டினால் உங்கள் பங்கு எப்போது வரும்? உங்களை ஊழியர் என்று எடுக்கிறார்களா, கன்சல்டன்ட் என்றா? கன்சல்டன்ட் என்றால் பி.எஃப். கிடையாது, சம்பளத்தோடு விடுப்பும் கிடையாது, 10 சதவீதம் வரி பிடித்துக் கொடுப்பார்கள். உங்கள் வருமானத்துக்கு அந்த வரி பெரும்பாலும் கட்ட வேண்டியதே இருக்காது. ஆனால் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்தால்தான் திரும்ப வரும். பலர் தாக்கல் செய்வதே இல்லை. அசல் சான்றிதழ்களை எங்கேயும் ஒப்படைக்காதீர்கள், நகல் போதும். 'வேலையை விட்டபின் இந்த ஊரில் கிளினிக் போடக்கூடாது' என்ற நிபந்தனையைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி, வேலையை விட்ட பிறகும் தொழில் செய்யத் தடைபோடும் நிபந்தனை பொதுவாகச் செல்லாது. ஆனால் அவர்களுடைய நோயாளிகளின் போன் நம்பரை எழுதிக்கொண்டு வெளியே வருவது வேறு விஷயம். அது திருட்டு.

எம்.டி.எஸ். போக நினைப்பவர்களுக்கு இந்தக் கணக்கு மூன்று வருடம் தள்ளிப்போகிறது, அவ்வளவுதான். ஒரு வசதி உண்டு: எண்டோ, ஆர்த்தோ, ஓரல் சர்ஜரி படித்தவர்கள் தங்களுக்கென்று சேரே இல்லாமல் பல கிளினிக்குகளுக்குப் போய்ப் பார்த்துச் சம்பாதிக்கலாம். காலிச் சேரின் செலவு அவர்கள் தலையில் விழாது.

இப்போது சொந்தக் கிளினிக், சம்பள வேலை இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். நம் ஊர்களில் பெரும்பாலான கிளினிக்குகளுக்கு நோயாளி வருவது மாலை ஐந்துக்கு மேல்தான். வேலை விட்டு, பிள்ளைகளை டியூஷனில் விட்டுவிட்டு வருவார்கள். காலை நேரம் பல இடங்களில் காற்று வாங்கும். அந்தக் காலையை ஓர் ஆஸ்பத்திரிக்கோ மூத்த மருத்துவரின் கிளினிக்குக்கோ விற்றுவிட்டு, மாலை ஐந்திலிருந்து ஒன்பது வரை சொந்தச் சேரைத் திறந்தால், காலைச் சம்பளம் மாதம் 15,000 என்றாலும் வருடத்துக்கு 1,80,000 ரூபாய். நாம் கண்ட 2,22,000 பள்ளத்தில் பெரும்பகுதி நிரம்பிவிடுகிறது. உடம்பு வலிக்கும், கழுத்து வலிக்கும், அதை மறைக்க விரும்பவில்லை. ஒன்றரை இரண்டு வருடம்தான் அப்படி. மாலையில் மட்டும் ஐந்து பேர் நிலையாக வரத் தொடங்கியதும், காலை வேலையை விடலாம். அதற்கு முன் விடாதீர்கள்.

அதற்கும் முந்தைய படி ஒன்று உண்டு. அடுத்த ஒரு வருடம் எந்தக் கிளினிக்கும் போடாமல், வேலை பார்த்துக்கொண்டே ஒரு நோட்டில் எழுதி வாருங்கள்: என்ன சிகிச்சை, எவ்வளவு நேரம், எத்தனை வருகை, திரும்பி வந்தாரா, ஏன் வந்தார். கடைவாய்ப்பல் ஒன்றைத் தொந்தரவில்லாமல் எடுக்க உங்களுக்கு எவ்வளவு நேரம் என்பது தெரியாமல், மணிக்கு 250 ரூபாய் செலவாகும் சேரை வாங்காதீர்கள்.

கிளினிக் போடும்போது இரண்டு விஷயத்தை மட்டும் சொல்கிறேன். ஒன்று, வாடகை ஒப்பந்தம். டென்டல் சேருக்குத் தண்ணீர், காற்று, கழிவுக் குழாய் மூன்றும் தரையைத் தோண்டித்தான் போடுவோம். அதைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போக முடியாது. கடன் ஐந்து வருடம், ஒப்பந்தம் பதினொரு மாதம் என்றால், வீட்டுக்காரர் மனம் மாறும் அன்றைக்குத் தரையில் புதைத்த பணம் போய், தவணை மட்டும் மிஞ்சும். ஒப்பந்தக் காலம் கடன் காலத்தைவிடக் குறையக் கூடாது, பத்திரப்பதிவும் செய்யுங்கள். கம்ப்ரசரை எங்கே வைப்பது என்பதையும் அப்போதே எழுத்தில் பேசி முடியுங்கள். மாடியில் குடியிருப்பவர் மூன்றாம் நாள் சத்தம் என்று சண்டைக்கு வருவார்.

இன்னொன்று, எதில் சிக்கனம், எதில் கூடாது என்பது. சேர் சாதாரணமாக இருக்கட்டும். விளம்பரப் பலகை சின்னதாக இருக்கட்டும். லேசரும் சி.பி.சி.டி.யும் இப்போது வேண்டாம், ஸ்கேன் சென்டருக்கு அனுப்பலாம். ஆட்டோகிளேவில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. ஹேண்ட்பீஸின் உள்ளே குழாய் இருக்கிறது, எச்சிலும் இரத்தமும் அதற்குள் இழுக்கப்படும். உள்ளே இருக்கும் காற்றை முதலில் உறிஞ்சி எடுத்துவிட்டு நீராவியை அனுப்பும் பி கிளாஸ் ஆட்டோகிளேவ்தான் அந்தக் குழாய்க்குள் போய்ச் சுத்தம் செய்யும். வெளியே துடைத்துவிட்டு அடுத்தவர் வாயில் வைப்பதை நோயாளி பார்க்கமாட்டார், நீங்கள் பார்க்கிறீர்கள்.

பதிவு விஷயங்களையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாநிலப் பல் மருத்துவக் கவுன்சிலில் பெயர் பதியாமல் ஒரு நாள்கூட நோயாளியைத் தொடாதீர்கள், பட்டம் மட்டும் போதாது. கிளினிக்குக்குத் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ்ப் பதிவு, எக்ஸ்ரே கருவிக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் பதிவு, கழிவுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அங்கீகாரம். ஏஜென்ட் செய்து தருவதாகச் சொல்வார். நீங்களே ஒருமுறை படிவத்தை நிரப்பிப் பாருங்கள், என்ன எழுதியிருக்கிறோம் என்றாவது தெரியும்.

கடைசியாகப் பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த மண்டபத்தில் பட்டம் வாங்குபவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மகளுக்குக் கல்யாணத்துக்கு முன்பே கிளினிக் போட்டுக் கொடுத்துவிட்டு, மாப்பிள்ளையை வேறு ஊரில் பார்த்து முடிப்பதை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். பத்து லட்சம் போட்ட கிளினிக்கை மூன்று லட்சத்துக்குக்கூட வாங்க ஆள் வரமாட்டார். எந்த ஊரில் இருக்கப்போகிறோம் என்பதை அந்தப் பெண்ணிடம் முதலில் கேளுங்கள், சேரைப் பிறகு வாங்கலாம். மகனோ மகளோ, கிளினிக்குக்கென்று நீங்கள் ஒதுக்கிய பணத்தில் இரண்டரை லட்சத்தை அவர்கள் பெயரில் வங்கியில் போட்டு வையுங்கள், ஃபால்ஸ் சீலிங்குக்கு எடுக்க விடாதீர்கள். முதல் வருடம் ராத்திரி ஒன்பதரைக்கு அவர்கள் வீட்டுக்கு வரும்போது, "இன்னைக்கு எத்தனை பேர் வந்தாங்க?" என்று தயவுசெய்து கேட்காதீர்கள். சாப்பாடு போடுங்கள்.